கைப்பேசியில் மட்டும் குழம்பிய தமிழ்

உவர்மலையில் வசிக்கும் அனர்த்த முகாமைத்துவ ஆலோசகர் ஒருவருக்கு இணையத்தளம் வடிவமைத்தபோது இச்சிக்கல் என் மூன்று நாட்களைத் தின்றது. என் கணினியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவருடைய கைப்பேசியிலோ அவருடைய தகைமைகளும் அவர் ஆற்றிய உரைகளின் தலைப்புகளும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. நானே தட்டச்சு செய்த சேவைகள் பகுதிக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

`UTF-8` அறிவிப்பைச் சரிபார்த்தேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன், பயனில்லை. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது:

```
<span style="font-family:Bamini">jkpo;</span>
```

அவர் அனுப்பிய வேர்ட் கோப்பு பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் வரைகிறது; அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருந்த என் கணினி மட்டும் அதைத் 'தமிழ்' என்று காட்டியது. தேடுபொறிக்கும் அது `jkpo;` தான்.

முழு உரையையும் யூனிகோட் மாற்றியில் இட்டது என் அடுத்த தவறு. பாமினியில் காற்புள்ளி விசை 'இ' என்பதால், `BSc, MSc` என்ற பட்டங்களின் நடுவில் 'இ' முளைத்தது. பட்டங்களும் பொருளற்ற தமிழாகின. ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றி, பட்டங்களைக் கையால் தட்டச்சு செய்து, ஒட்டியபோது வந்த `font-family` குறிப்புகளை நீக்கினேன். பிறகு பாமினியை என் கணினியிலிருந்து அகற்றிவிட்டுப் பார்த்தேன்; பக்கம் முழுவதும் தமிழாகவே நின்றது.