சோதனையில் பிரிசிஷன் 99%, நேரலையில் 8%

மோசடிப் பரிவர்த்தனைகளைப் பிடிக்கும் மாடல் நேரலைக்குப் போனதும் பிரிசிஷன், அதாவது எச்சரிக்கைகளில் உண்மையான மோசடியின் பங்கு, 99 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு விழுந்தது. ரீகால், அதாவது மொத்த மோசடிகளில் பிடிபட்டவற்றின் பங்கு, மட்டும் 90 சதவீதத்திலேயே நின்றது. அதுதான் துப்பு. மாடல் கெடவில்லை, சோதனைத் தரவில் மோசடியும் நல்லதும் சரிபாதியாக இருந்தன. நிஜத்தில் 1,00,000 பரிவர்த்தனைகளில் 100தான் மோசடி. அதில் 90 பிடிபடும். ஆனால் நல்லவற்றில் 1% தவறாகச் சிக்கினாலே 999 வீண் எச்சரிக்கைகள் வந்துவிடும்: பிரிசிஷன் 90/1089, அதாவது சுமார் 8%.

பயிற்சித் தரவைச் சமப்படுத்தலாம், சோதனைத் தரவைச் சமப்படுத்தவே கூடாது. அதனால் சோதனைத் தரவை நிஜ விகிதத்துக்கு மாற்றினேன். பிறகு, ஆய்வாளர்களால் ஒரு நாளில் பார்க்க முடிவது 300 எச்சரிக்கைகள் என்பதால், மதிப்பெண் வரிசையில் முதல் 300 மட்டும் தேறும்படி வரம்பை உயர்த்தினேன். அந்த 300க்குள் கிடைக்கும் ரீகாலை வைத்தே இப்போது மாடல்களை ஒப்பிடுகிறேன்.