பிளெண்டர் காட்சியை வீட்டுக் கணினியிலேயே ரெண்டர் செய்த கணக்கு

பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய என் 10 விநாடிக் காட்சிக்கு, விநாடிக்கு 24 வீதம், 240 சட்டகங்கள் தேவைப்பட்டன. ஒரு சட்டகத்தைச் சோதனையாக ரெண்டர் செய்தபோது, அதாவது இறுதிப் படமாக்கியபோது, 6 நிமிடம் பிடித்தது; முழுக் காட்சிக்கு 24 மணி நேரம். கணினி ஏறத்தாழ 300 வாட் இழுப்பதால் மின்செலவு 7 யூனிட்டைச் சற்றே தாண்டும். அது பெரிய தொகையன்று, நேரம்தான் இடித்தது.

இணைய ரெண்டர் சேவைகள் சட்டகங்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு விரைவாக முடித்துவிடும். ஆனால் பெரும்பாலும் மொத்தக் கணிப்பு நேரத்துக்கே கட்டணம் என்பதால், கனமான சட்டகத்துக்கு அங்கும் கூடுதலாகவே செலவாகும். ஆகவே சட்டகத்தையே இலகுவாக்கினேன். பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எடுக்கும் ஒளி மாதிரிகளின் எண்ணிக்கையை 1024இலிருந்து 256ஆகக் குறைத்து, படத்தில் தோன்றும் புள்ளிகளை அகற்றும் இரைச்சல் நீக்கியை இயக்கியதும் ஒரு சட்டகம் 2 நிமிடத்தில் முடிந்தது. 8 மணி நேரம், ஓர் இரவு. இன்னும் குறைத்தால் புல், துணி நெசவு போன்ற நுண்பரப்புகள் மினுங்கத் தொடங்கும். ஒற்றைப் படத்தில் இது தெரியாது, அடுத்தடுத்த சட்டகங்களை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

வெளியீட்டைக் காணொளியாக அன்றி பி.என்.ஜி. படங்களாகச் சேமித்தால், 96ஆம் சட்டகத்தோடு மின்சாரம் நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம்:

```
blender -b kaatchi.blend -s 97 -e 240 -a
```