சும்மா சுற்றும் ஜன்னல் கைப்பிடி: கோளாறு ஸ்குரூவிலா, கம்பியிலா?

கைப்பிடியைத் திருப்பினால் பூட்டு விழ வேண்டும். அது விழாமல் கைப்பிடி மட்டும் சுற்றுகிறது என்றால், பெரும்பாலானோர் கைப்பிடியை முழுதாக மாற்றிவிடுகிறார்கள். புதுக் கைப்பிடியும் கொஞ்ச காலத்தில் அதே மாதிரி சுற்ற ஆரம்பிக்கிறது. காரணம், கோளாறு பல நேரம் கைப்பிடியில் இல்லை. அதற்குள் இருக்கும் சதுரக் கம்பியில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் ஜன்னல் எந்த வகை என்று பாருங்கள். கைப்பிடியின் பின்பக்கத்து நாக்கு நேராகச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறது என்றால் அதில் சதுரக் கம்பி கிடையாது; இந்த விளக்கம் அதற்குப் பொருந்தாது. கைப்பிடியைத் திருப்பும்போது ஜன்னல் பலகையின் ஓரத்தில் ஒரு தண்டு மேலும் கீழும் நகர்கிற வகைக்குத்தான் இது. அலுமினிய ஜன்னல் போட்ட தாமான் வீடுகளில் இந்த வகையையும் நிறையப் பார்க்கலாம்.

இதன் அமைப்பு எளிது. கைப்பிடியின் அடியில் ஒரு சதுர ஓட்டை. அதில் சதுரக் கம்பி செருகியிருக்கும்; ஸ்பிண்டில் என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். கம்பியின் மறுமுனை ஜன்னல் பலகைக்குள் இருக்கும் சிறிய கியர் பெட்டியில் நுழைந்து தண்டை நகர்த்தும். சில கைப்பிடிகளின் கழுத்தில் தலையில்லாத ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும். கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். சாயங்கால மழைக்கு முன் அடிக்கிற காற்றில் அது தானாகத் திறந்துகொண்டது. “நல்லாத்தான் பூட்டினேன், கைப்பிடி கீழதான் இருந்துச்சு” என்றார் அத்தை. கைப்பிடி கீழேதான் இருந்தது, தண்டு நகரவில்லை.

ஜன்னலை மூடிவைத்து வேலையை ஆரம்பியுங்கள். மாடியில் என்றால் பலகையை ஒரு கயிற்றால் ஜன்னல் கிரில்லோடு கட்டிவிடுங்கள், கைப்பிடி கழன்றதும் அது வெளியே வீசிக்கொண்டு போகக்கூடும். கைப்பிடியின் அடித்தட்டில் இரண்டு ஸ்குரூ உண்டு. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பிளாஸ்டிக் மூடியைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்புங்கள், அல்லது கைப்பிடியைக் கிடையாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டையும் கழற்றியதும் கைப்பிடி கம்பியோடு வெளியே வரும்.

இப்போது மூன்று சோதனை. ஒன்று, கம்பியைப் பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். கைப்பிடி தனியாகச் சுற்றினால் கைப்பிடியின் ஓட்டையே தேய்ந்துவிட்டது; சுற்றாமல் கம்பி மட்டும் முன்னும் பின்னும் வழுக்கினால் குட்டி ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. இரண்டு, கம்பியின் நுனியை விரலால் தடவுங்கள். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். வழவழவென்று உருண்டிருந்தால் கம்பி போய்விட்டது. மூன்று, கம்பியைத் திருப்பி, தேயாத முனையை ஜன்னல் ஓட்டையில் செருகிப் பிளையரால் சுற்றுங்கள். தண்டு நகர்ந்தால் கியர் பெட்டி நன்றாக இருக்கிறது. நல்ல முனையை வைத்தும் தண்டு அசையவில்லை என்றால் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும், கம்பியில் காசு போட்டுப் பயனில்லை. கம்பி கைப்பிடியோடு தறையடித்துப் பிணைக்கப்பட்டு, குட்டி ஸ்குரூவே இல்லாத வகை என்றால் கம்பியைத் தனியாக மாற்ற முடியாது, கைப்பிடியையே மாற்ற வேண்டியதுதான்.

குட்டி ஸ்குரூ மட்டும் தளர்ந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதன் வெளிமுனையில் அறுகோணக் குழி இருக்கும், ஆலன் சாவி வேண்டும். 4 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 2 மில்லிமீட்டர் சாவி, 5 மில்லிமீட்டருக்கு 2.5. வீட்டில் பழைய அங்குல அளவு சாவிதான் இருக்கிறது என்று 3/32-ஐ 2.5 குழியில் விட்டுத் திருகாதீர்கள். கொஞ்சம் சிறியதாக இருப்பதால் வழுக்கிக் குழியின் மூலைகளைத் தின்றுவிடும், அப்புறம் அந்த ஸ்குரூவை வெளியே எடுப்பதே பெரிய வேலை. ஸ்குரூவின் நுனி கம்பியின் தட்டையான பக்கத்தில் அமர வேண்டும், மூலையில் அல்ல. முழுதும் கழற்றி, மரையைத் துடைத்து, மரை கழலாமல் பிடிக்கும் நீலநிறப் பசை ஒரு துளி விட்டு முடுக்குங்கள். கைப்பிடி மென்மையான உலோக வார்ப்பு. கை இறுக்கமே போதும், பலம் காட்டினால் மரை கிழிந்துவிடும்.

அத்தை வீட்டில் ஸ்குரூ இறுக்கமாகவே இருந்தது. கம்பியின் நுனி 4 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் உருண்டிருந்தது, மற்ற இடமெல்லாம் புதுசு போல. இந்தக் குறியைக் கவனியுங்கள்: நுனி மட்டும் தேய்ந்த கம்பி பெரும்பாலும் நீளம் பத்தாத கம்பி.

அளந்து பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஜன்னல் ஓட்டையில் விட்டேன். கியர் பெட்டியின் முகம் பலகையின் மேற்பரப்பிலிருந்து 18 மில்லிமீட்டர் ஆழத்தில் தட்டியது, உள்ளே கடைசிச் சுவர் 30-இல் தட்டியது. பழைய கம்பி கைப்பிடியின் அடித்தட்டுக்கு வெளியே 22 தான் நீண்டிருந்தது. ஆக, பெட்டிக்குள் நுழைந்தது 4 மில்லிமீட்டர்தான். அந்த 4 மில்லிமீட்டரே எல்லாப் பலத்தையும் தாங்கித் தேய்ந்துவிட்டது.

புதுக் கம்பி 27 நீண்டிருந்தால் பெட்டிக்குள் 9 போகும், கடைசிச் சுவரிலும் இடிக்காது. கைப்பிடிக்குள் செருகும் ஆழம் 13. இரண்டையும் கூட்டினால் 40. பழைய கம்பியைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோய், பருமனை ஒப்பிட்டு வாங்குங்கள். 7 மில்லிமீட்டர் பருமன் பரவலாகக் கிடைக்கும், ஆனால் கதவுப் பூட்டுக்கு வரும் 8 மில்லிமீட்டரும் கடையில் அதே டப்பாவில் கிடக்கும். சில வெள்ளிதான் ஆகும். நீளமாக இருந்தால் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் 40-க்கு வெட்டி, வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். தேய்ந்த கம்பியில் தகரத்தைச் சுற்றிச் செருகும் வித்தை ஊரில் உண்டு. நசுங்கிக் கியர் பெட்டிக்குள் விழும், வேண்டாம்.

மாட்டும்போது தண்டும் கைப்பிடியும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்: தண்டு திறந்த நிலை என்றால் கைப்பிடியும் திறந்த நிலை. அடித்தட்டு பலகையோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் கம்பி நீளம். ஸ்குரூவை முடுக்கி இழுக்காமல், கழற்றி 1 மில்லிமீட்டர் அரத்தால் குறையுங்கள்.

கடைசியாக, ஜன்னலைத் திறந்து வைத்துக் கைப்பிடியைத் திருப்புங்கள், பிறகு மூடிவைத்துத் திருப்புங்கள். திறந்தபோதும் இறுக்கம் என்றால் தண்டில் செம்மண் தூசி சேர்ந்திருக்கும். துடைத்து மெல்லிய இயந்திர எண்ணெய் விடுங்கள், சமையல் எண்ணெய் பிசின் கட்டும். திறந்தபோது லேசாகவும் மூடியபோது இறுக்கமாகவும் இருந்தால், ஜன்னல் தொங்கிப்போய்த் தண்டு சட்டத்தின் கொக்கியோடு நேராகச் சேரவில்லை. அத்தை வீட்டிலும் அதுதான். கொக்கியின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் கீழே தள்ளி முடுக்கியதும் இரண்டு விரலிலேயே பூட்டு விழுந்தது.