ரூபாய் விழுந்தும் நான் ஏன் நஷ்டப்படவில்லை: வாங்குதிறன் சமநிலையை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது

"ரூபாய் விழுந்துக்கிட்டே இருக்கு, நீங்க இன்னும் ஊர்ல எஃப்.டி. போட்டு வச்சிருக்கீங்களே மாமா" என்று சிங்கப்பூர் தேக்கா கடைத்தெருவில் தே தாரே குடித்துக்கொண்டே மருமகன் கேட்டான். 2014 ஜனவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி கிட்டத்தட்ட 48.8 ரூபாய். 2024 ஜனவரியில் 62.2 ரூபாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்து வருட எஃப்.டி. எனக்கு நஷ்டம் தரவில்லை. ஏன் என்று அன்று என்னால் அவனுக்குச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஷீட் போட்டுப் பார்த்ததன் விளைவு இந்தப் பதிவு. பணவீக்கம், கூட்டு வட்டி இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மூன்று எண்கள்

தேவையானது மாற்று விகிதம், இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண், சிங்கப்பூருடைய குறியீட்டெண். இவ்வளவுதான். மாற்று விகிதத்துக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். இதற்கென்று காசு வாங்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பதிலை மட்டும் காட்டும், கணக்கைக் காட்டாது.

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:SGDINR","price",DATE(2014,1,15)),2,2)
```

முன்னால் இருக்கும் `INDEX` இல்லாவிட்டால் தலைப்பு, தேதி எல்லாம் சேர்ந்து நான்கு கட்டங்களில் வந்து விழும். எண் மட்டும் வேண்டுமென்றால் அதை விடாதீர்கள்.

இந்தியக் குறியீட்டெண் (2012 = 100) 2014 ஜனவரியில் 113.6. 2024 ஜனவரியில் 185.5. அதாவது விலைவாசி 63 சதவீதம் ஏறியிருக்கிறது. சிங்கப்பூரில் அதே காலத்தில் ஏற்றம் சுமார் 15 சதவீதம், அதிலும் பெரும்பகுதி 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் வந்தது. சிங்கப்பூருக்குத் தொடக்கத்தை 100 என்றும் முடிவை 115 என்றும் போட்டுக்கொள்கிறேன். இரண்டு நாடுகளின் அடிப்படை ஆண்டு வேறுவேறாக இருந்தாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை மடங்கு ஏறியது என்பது மட்டும்தான்.

ஷீட்டில் B நெடுவரிசை 2014, C நெடுவரிசை 2024. இரண்டாம் வரி மாற்று விகிதம், மூன்றாம் வரி இந்தியா, நான்காம் வரி சிங்கப்பூர்.

படி 2: சமநிலை என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வாங்குதிறன் சமநிலையின் எளிய வடிவம் இது: எந்த நாட்டில் விலைவாசி வேகமாக ஏறுகிறதோ, அந்த நாட்டின் நாணயம் அதே அளவுக்கு மதிப்பிழக்க வேண்டும். குஸ்தாவ் காசெல் என்ற சுவீடன் பொருளியலர் முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பெயரை வைத்தார்.

```
=B2*(C3/B3)/(C4/B4)
```

விடை 69.3 ரூபாய். விலைவாசி வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு வெள்ளி 69 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் 62.2-இல் நின்றது. ரூபாய் விழுந்தது உண்மை, ஆனால் விழ வேண்டிய அளவுக்கு விழவில்லை.

படி 3: மெய் மாற்று விகிதம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

அந்த இடைவெளியை ஒரே எண்ணில் சொல்வதுதான் மெய் மாற்று விகிதம். இந்தியக் குடும்பம் வாங்கும் பொருட்களின் கூடை ஒன்றை வெள்ளியில் வாங்க எவ்வளவு ஆகும், அதைச் சிங்கப்பூர்க் குடும்பத்தின் கூடை விலையால் வகுத்தால் என்ன வரும் என்பதே அது.

முதல் தடவை நான் 62.2-ஐ 48.8-ஆல் வகுத்து, விலைவாசி விகிதத்தால் பெருக்கினேன். 1.81 என்று வந்தது. ரூபாயின் மெய் மதிப்பு பத்து வருடத்தில் 81 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று பொருள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு மணி நேரம் குறியீட்டெண்களைத்தான் சந்தேகப்பட்டேன். தவறு அங்கே இல்லை. "ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்" என்ற எண்ணை, "ஒரு ரூபாய்க்கு எத்தனை வெள்ளி" என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருந்தேன். இங்குள்ள பணமாற்றுக் கடைப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த கண் அப்படித்தான் படிக்கும். சரியான வடிவம் இது:

```
=(B2/C2)*(C3/B3)/(C4/B4)
```

விடை 1.114. மெய் மதிப்பில் ரூபாய் 11 சதவீதம் பலமாகியிருக்கிறது.

தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. இந்திய விலை 100-இலிருந்து 200, மாற்று விகிதம் 50-இலிருந்து 100, சிங்கப்பூர் விலை மாறவே இல்லை என்று போட்டுப் பாருங்கள். விலை இரட்டிப்பானது, நாணயமும் பாதியானது, ஆக மெய்யாக எதுவும் மாறவில்லை, விடை 1 வர வேண்டும். 4 வந்தால் நீங்களும் என் கட்சி.

படி 4: எஃப்.டி.க்கு இதனால் என்ன?

2014-இல் 10,000 வெள்ளியை ஊருக்கு அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். 4,88,000 ரூபாய். 8.5 சதவீதம், ஆண்டுக் கூட்டு வட்டி (வங்கி காலாண்டுக்கு ஒருமுறை சேர்க்கும், கணக்கு எளிதாக இருக்க இதை விடுகிறேன்). பத்து ஆண்டில் 2.26 மடங்கு, ஏறக்குறைய 11,03,000 ரூபாய். 62.2-ஆல் வகுத்தால் 17,740 வெள்ளி. சிங்கப்பூரின் 15 சதவீத விலையேற்றத்தைக் கழித்தால், 2014-இன் வெள்ளி மதிப்பில் சுமார் 15,400. அதாவது 1.54 மடங்கு.

இதையே வேறு வழியில் பிரித்துப் பாருங்கள். இந்தியாவுக்குள்ளேயே விலைவாசியைக் கழித்த வருவாய் 2.26 வகுத்தல் 1.63, சுமார் 1.385 மடங்கு. அதை மெய் மாற்று விகித மாற்றமான 1.114-ஆல் பெருக்கினால் அதே 1.54 வருகிறது. தற்செயல் இல்லை, எப்போதும் இப்படித்தான் வரும். வெளிநாட்டு முதலீட்டில் நம் கைக்கு வரும் மெய் வருவாய் என்பது அந்த நாட்டின் மெய் வருவாய் பெருக்கல் மெய் மாற்று விகித மாற்றம். மருமகன் பயந்த "ரூபாய் விழுவது" இந்தச் சூத்திரத்தில் தனியாக வருவதே இல்லை. விலைவாசி அளவுக்கு விழுந்த வீழ்ச்சியை 8.5 சதவீத வட்டி ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. நம்மை உயர்த்துவதும் கவிழ்ப்பதும் சமநிலையிலிருந்து விலகிய பகுதிதான்.

இங்கே வட்டி ஏன் இவ்வளவு குறைவு என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை அல்ல, நாணய மாற்று விகிதத்தையே கையாண்டு விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு நாணயக் கூடைக்கு எதிராக வெள்ளியை ஒரு வரம்புக்குள் வைத்துப் பெரும்பாலும் மெல்ல உயர விடுகிறது. உயரப்போகும் நாணயத்தை வைத்திருக்க மக்கள் குறைந்த வட்டிக்கே சம்மதிப்பார்கள். ஊர் வட்டியையும் இங்குள்ள வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அதனால்தான் தவறு.

படி 5: "ரூபாய் 20-க்கு வரும்" என்பவர்களை நம்பாதீர்கள்

அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு. உலக வங்கியின் வாங்குதிறன் கணக்குப்படி ஒரு அமெரிக்க டாலர் சுமார் 20 ரூபாய்தான், சந்தையிலோ 80-க்கு மேல், ஆகவே ரூபாய் நான்கு மடங்கு ஏறும் என்பார்கள். ஏறாது. எண் சரிதான், முடிவுதான் தவறு.

முடிவெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக் கடைக்காரரும் சிராங்கூன் ரோடு கடைக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஆனால் இங்கே கடை வைத்திருப்பவர் இங்குள்ள வாடகையைக் கட்ட வேண்டும், இந்த ஊர்ச் சம்பளத்தில் ஆள் வைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை நிர்ணயிப்பது ஏற்றுமதித் தொழில்களின் உற்பத்தித்திறன். திருச்சி முடிவெட்டைப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து விற்க முடியாது, அதனால் விலை சமமாவதில்லை. பலாசா, சாமுவல்சன் என்ற பொருளியலர்கள் இருவரும் 1964-இல் தனித்தனியே சொன்ன விளக்கம் இது. ஒரு நாடு வளர வளர இந்த இடைவெளி மெல்லக் குறையலாம், ஆனால் அது தலைமுறைக் கணக்கு.

ஆக, மட்டத்தைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். மாற்றத்திலும் பொறுமை வேண்டும். சமநிலையிலிருந்து விலகிய விகிதம் பாதித் தூரம் திரும்பி வரவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று பொருளியலர் கென்னத் ரோகோஃப் 1996-இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். இதை வைத்து அடுத்த மாதம் பணம் அனுப்பலாமா என்று முடிவெடுக்க முடியாது.

பிற்சேர்க்கை 1. எழுதி முடித்தபின் போட்ட கணக்கு. 2025 நவம்பரில் வெள்ளி 68 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து இந்திய விலைவாசி சுமார் 7, சிங்கப்பூர் சுமார் 3 சதவீதம் ஏறியிருக்க, சமநிலைப்படி ஏறக்குறைய 64.6 ரூபாய்தான் ஆகியிருக்க வேண்டும். இந்தத் தடவை ரூபாய் விழ வேண்டியதைவிட அதிகம் விழுந்தது. பத்து ஆண்டில் சேர்ந்த 11 சதவீதத்தில் பாதி இரண்டு ஆண்டுக்குள் போனது. 2024 ஜனவரியில் 7 சதவீதத்துக்குப் புதிதாகப் போட்டவருக்கு வெள்ளிக் கணக்கில் மொத்தம் 3 சதவீதம்கூட வரவில்லை. இங்குள்ள விலையேற்றத்தைக் கழித்தால் பூஜ்யம். மருமகன் இதற்காகவே தொலைபேசியில் அழைத்தான்.

பிற்சேர்க்கை 2. சிங்கப்பூரில் விலைவாசி குறைந்ததாக வருகிறதே என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். அவர் பழைய எண்ணை 2019 = 100 வரிசையிலிருந்தும் புதிய எண்ணை 2024 = 100 வரிசையிலிருந்தும் எடுத்திருந்தார். ஒரே நாட்டின் இரண்டு எண்களும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இதை நான் படி 1-இலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3. தஞ்சாவூரில் வீடு கட்டித் திரும்பப் போகும் ஒரு அக்கா, தன் எஃப்.டி.யை எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டிருந்தார். அக்கா, உங்கள் செலவு ரூபாயில்தான் என்றால் உங்கள் எஃப்.டி.க்கு மெய் மாற்று விகிதமே தேவையில்லை. வட்டியிலிருந்து இந்திய விலையேற்றத்தைக் கழித்தால் போதும். இங்கே நீங்கள் வைத்திருக்கும் வெள்ளிச் சேமிப்புதான் உங்களுக்கு வெளிநாட்டு முதலீடு. படி 3-இன் சூத்திரத்தை அதற்குப் போடுங்கள், தலைகீழாக.