பரம்பலின் வடிவம் தெரியாமலே தாமதத்துக்கு எல்லை போடுவது எப்படி?

காலை நேரத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கோட்டைக்கு பஸ்ஸில் போக எடுக்கும் நேரத்தைப் பற்றி இரண்டு எண்கள் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்: இடை 35 நிமிடம், நியம விலகல் 5 நிமிடம். 50 நிமிடம் ஆனால் வேலைக்குப் பிந்திவிடும். அதற்கான நிகழ்தகவு கூடிப்போனால் எவ்வளவு?

செவ்வன் பரம்பல் அட்டவணையைப் பார்த்தால் சுமார் 0.13 சதவீதம் என்று வரும். ஆனால் காலி வீதியில் பஸ் நேரம் அந்த மணி வடிவத்தில் பரவியிருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. மழையும் நெரிசலும் பயணத்தை அரை மணி நீட்டலாம். எந்த நல்ல நாளும் அதை அரை மணி குறைக்காது.

படி 1. இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தூரம் என்று பாருங்கள். 50 − 35 = 15; 15 / 5 = 3. இதுதான் k.

படி 2. செபிஷேவ் சமனிலியில் போடுங்கள்:

P(|X − μ| ≥ kσ) ≤ 1/k²

இங்கே X பயண நேரம், μ இடை, σ நியம விலகல். k = 3 என்றால் 1/9, அதாவது சுமார் 11 சதவீதம். ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் இதை 1867இல் வெளியிட்டார்; பிரெஞ்சுக்காரரான பியெனமே 1853இலேயே இதைத் தொட்டிருந்தார்.

படி 3. இது ஏன் சரி என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த இரண்டு எண்களும் 100 பயணங்களின் பட்டியலிலிருந்து வந்தவை என்போம். மாறற்றிறன், அதாவது விலகல் வர்க்கங்களின் சராசரி, 5² = 25. ஆகவே 100 பயணங்களின் விலகல் வர்க்கங்களையும் கூட்டினால் 2500. இடையிலிருந்து 15 நிமிடமோ அதற்கு மேலோ விலகிய ஒவ்வொரு பயணமும் அந்த 2500இல் குறைந்தது 225ஐ எடுத்துக்கொள்ளும். 2500 / 225 = 11.1. எனவே அப்படிப்பட்ட பயணங்கள் 11க்கு மேல் இருக்கவே முடியாது. வடிவத்தைப் பற்றி எங்கும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

படி 4. அந்த 11 சதவீதத்தில் 20 நிமிடத்துக்குள் போய்ச் சேரும் பயணங்களும் அடக்கம். பிந்துவது மட்டும் கவலையென்றால் கன்டெல்லியின் ஒருபக்கச் சமனிலியை எடுங்கள்: 1/(1 + k²) = 1/10. செபிஷேவின் 11 சதவீதத்தைப் பாதியாக்கி 5.5 சதவீதம் என்று எழுதுவது பிழை. பரம்பல் இருபக்கமும் சமச்சீர் என்று தெரிந்தால்தான் பாதியாக்கலாம்.

எல்லை தளர்வாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 18இல் ஒரு பயணம் 20 நிமிடம், 18இல் ஒன்று 50 நிமிடம், மற்றதெல்லாம் சரியாக 35 என்று ஒரு பரம்பலை எடுத்தால், அதன் நியம விலகலும் 5தான். விலகும் நிகழ்தகவு மிகச்சரியாக 1/9. வேறு தகவல் இல்லாமல் செபிஷேவ் எல்லையை இதற்கு மேல் இறுக்க முடியாது.

k ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் செபிஷேவ் எதுவும் சொல்லாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த 5 எங்கிருந்து வந்தது என்பது. பாடசாலை விடுமுறைக் காலத்துச் சில பயணங்களில் எடுத்த நியம விலகலை வருடம் முழுவதற்கும் போட்டால் எல்லை பொய்த்துவிடும். ஆடிவேல் தேர் காலி வீதியில் வரும் நாள் ஒன்றைப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு நாளிலேயே 5 என்பது 8 ஆகிவிட்டால், கையிலிருந்த தரவு போதவில்லை என்று அர்த்தம்.