கனவில் வந்த பாம்பை நம் கதைகளோடு சேர்த்துப் பார்த்தல்

கனவுச் சின்னம் ஒன்றைப் பழமொழி, புராணம், நாட்டார் கதை ஆகியவற்றோடு ஒப்பிட்டு விரித்துப் பார்க்கும் முறையை உளவியலாளர் கார்ல் யுங் 'ஆம்ப்ளிஃபிகேஷன்' என்று அழைத்தார். நினைவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படிமத்தை விட்டு விலகிச் செல்லாமல், அதையே சுற்றிச் சுற்றி வருவது இம்முறையின் இயல்பு.

நெற்குதிருக்குள் ஒரு நல்ல பாம்பு அசையாமல் சுருண்டு கிடப்பதாக ஒருவர் கனவு கண்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் குதிரும் பாம்பும் அவருக்குச் சொந்த வாழ்வில் எதை நினைவூட்டுகின்றன என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். கதைகளுக்கு அதன் பிறகுதான் இடம். 'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்கிறது பழமொழி. ஆனால் நஞ்சுள்ள நாகத்தையே 'நல்ல' பாம்பு என்று அழைத்து, புற்றுக்குப் பால் வார்ப்பதும் நம் வழக்கம்தான். பாற்கடல் கடைந்த கதையில் வாசுகி இரு பக்கமும் இழுக்கப்படுகிறது. இக்கனவிலோ இழுப்பவர் எவருமில்லை என்பதால் அந்தக் கதையை, எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், ஒதுக்கிவிடலாம். புதையலைக் காக்கும் நாகத்தின் கதையோ, தானியத்தின்மேல் சுருண்டு கிடக்கும் அதன் நிலையோடு பொருந்துகிறது. ஆகவே, 'நான் எதைப் பிறர் தொடாதபடி காத்துவருகிறேன்?' என்று கனவு கண்டவர் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

அக்கேள்வி அவருக்குள் எந்த அசைவையும் ஏற்படுத்தாவிட்டால், ஒப்புமை அழகாக இருந்தாலும் அதைக் கைவிட வேண்டும். கனவின் விவரங்களை மறந்து கதைகளை மட்டும் அடுக்கினால், அது பஞ்சாங்கத்தின் கனவுப் பலனாகிவிடும்.