பழைய கிளையண்டுக்கு ரேட் ஏற்றும் கடிதம்: தொகையையும் தேதியையும் எப்படி எழுதுவது

ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள் புதிய கிளையண்டிடம் புதிய ரேட்டைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். மூன்று வருடமாக மாதாமாதம் வேலை தரும் ஜவுளிக் கடைக்காரரிடம் சொல்லத்தான் கை வராது. சொன்னாலும் "ஏப்ரலிலிருந்து கொஞ்சம் ஏறும் சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். ஏப்ரல் பில்லில்தான் தகராறு தொடங்கும்.

ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கோவையில் ஒரு டிசைனர், மாதம் 20 சோஷியல் மீடியா போஸ்டர் செய்து தர 16,000 ரூபாய் வாங்குகிறார். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு போஸ்டருக்கும் 900. இனி 19,000 மற்றும் 1,100 என்று முடிவு செய்திருக்கிறார். எவ்வளவு ஏற்றலாம் என்பது வேறு பேச்சு. அதை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கிளையண்ட் பட்டியல்

ஒரு கூகுள் ஷீட் போதும். பெயர், இப்போதைய ரேட், புதிய ரேட், கையில் இருக்கும் அட்வான்ஸ், முடியாத வேலை, பில்லைப் பாஸ் செய்பவர் யார். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்களோடு பேசுபவர் மார்க்கெட்டிங் ஆள், பணம் போடுபவர் அக்கவுண்ட்ஸ் ஆள். கடிதம் இருவருக்கும் போக வேண்டும்.

படி 2: தொகையை ரூபாயில் எழுதுங்கள்

16,000 ரூபாய் 19,000 ஆவது 18.75 சதவீத உயர்வு. அதை "18.75% உயர்வு" என்று எழுதினால், அக்கவுண்ட்ஸ் ஆள் கண்ணில் 18 என்ற எண் ஜி.எஸ்.டி.யாகத்தான் படும். "நீங்கதான் ஜி.எஸ்.டி. போடறதில்லையே, இப்ப என்ன புதுசா?" என்று போன் வரும். சதவீதமே வேண்டாம். பழைய தொகை, புதிய தொகை இரண்டையும் ஒரே வரியில் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் "ஜி.எஸ்.டி. தனி" என்று தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாதவர்கள் "இதுவே முழுத் தொகை" என்று எழுதலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். புதிய ரேட்டால் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள் என்றால், ரேட் உயர்வும் ஜி.எஸ்.டி.யும் ஒரே வருடத்தில் வரும் என்பதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கிளையண்ட் பெரும்பாலும் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். பதிவில்லாத சின்னக் கடைக்கு 16,000 என்பது 22,420 ஆகிவிடும். அங்கே இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் ரேட் வைக்க வேண்டும்.

படி 3: தேதி (இங்கேதான் மாட்டிக்கொள்வோம்)

"ஏப்ரல் 1 முதல் புதிய கட்டணம்." தெளிவாகத்தானே இருக்கிறது? இப்போது இதைப் பாருங்கள். கூடுதல் போஸ்டர் ஒன்றுக்கு மார்ச் 26-இல் ஆர்டர் வருகிறது. முதல் டிசைனை 30-ஆம் தேதி அனுப்புகிறீர்கள். கரெக்‌ஷன் ஏப்ரல் 3-இல் வருகிறது. பில் ஏப்ரல் 5. அந்த போஸ்டர் 900-ஆ, 1,100-ஆ?

ஆர்டர் தேதி, டெலிவரி தேதி, பில் தேதி என்று மூன்று இருக்கின்றன. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால், ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வார்கள். பில் தேதியைப் பிடித்தால் கிளையண்டுக்கு எரிச்சல் வரும், அது நியாயமும்கூட. டெலிவரி தேதியைப் பிடித்தால் நீங்கள் வேண்டுமென்றே தாமதித்ததாகத் தோன்றும். ஆர்டர் தேதிதான் சரி. அது கிளையண்ட் கையில் இருக்கிறது, மெயிலிலும் பதிவாகியிருக்கும்.

ஆனால் ஆர்டர் தேதியிலும் ஒரு ஓட்டை உண்டு. மார்ச் 31 மாலை "ஏப்ரலுக்கு 30 போஸ்டர் வேணும், மேட்டர் அப்புறம் தர்றேன்" என்று ஒரு மெசேஜ் வரும். எல்லாம் பழைய ரேட் கணக்கில்! அதனால் ஆர்டர் என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள்: எழுத வேண்டிய வாசகமும் படங்களும் கைக்கு வந்த நாள்தான் ஆர்டர் நாள். கூடவே பழைய ரேட்டுக்கு ஒரு கடைசி நாளும் வையுங்கள். மார்ச்சில் வந்த வேலை கிளையண்ட் பக்கத் தாமதத்தால் ஏப்ரல் 30-க்குள் முடியாவிட்டால், மீதி புதிய ரேட்டில்.

மாதத் தொகைக்கு இது வேறு மாதிரி. அங்கே "ஏப்ரல் மாத வேலையிலிருந்து" என்று மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். மார்ச் மாத பில்லை ஏப்ரல் 2-ஆம் தேதி அனுப்புவீர்கள், அதில் 16,000 இருப்பதைப் பார்த்து "ரேட் ஏறலையா?" என்று குழம்புவார்கள், அல்லது ஏறாது என்றே நினைத்துக்கொள்வார்கள். மார்ச்சில் 14 போஸ்டர்தான் ஆனது, மீதி ஆறை ஏப்ரலில் கேட்டால்? இதற்கு முன் மாற்றிக் கொடுத்திருந்தால் இந்த ஒரு முறையும் கொடுங்கள், ஆனால் ஏப்ரல் 30 வரை என்று எழுதுங்கள்.

அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை தொடாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பணம் கட்டியவருக்கு மே 1-தான் தொடக்கம். வித்தியாசத் தொகை கேட்கக் கூடாது.

படி 4: எப்போது அனுப்புவது

நிறுவனமாக இருந்தால் 45 நாளாவது முன்னால். அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட்டைப் பலர் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுகிறார்கள். மார்ச் 20-இல் போகும் கடிதத்துக்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். சின்னக் கடைக்கு 30 நாள் போதும். தீபாவளி, ஆடித் தள்ளுபடி நெருக்கத்தில் ஜவுளிக் கடைக்கு அனுப்பாதீர்கள். வேலை முடியட்டும் என்று தலையாட்டிவிட்டு, பில் வந்ததும் பேரம் பேசுவார்கள். உங்களிடம் ஒப்பந்தம் இருந்தால் அதில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

படி 5: கடிதம்

> பொருள்: மாதாந்திர போஸ்டர் வேலை – ஏப்ரல் 2026 முதல் புதிய கட்டணம்
>
> வணக்கம் சார்,
>
> ஏப்ரல் 2026 மாத வேலையிலிருந்து மாதாந்திரக் கட்டணம் ரூ.16,000-லிருந்து ரூ.19,000 ஆகிறது. மாதம் 20 போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரெக்‌ஷன் என்பதில் மாற்றம் இல்லை. கூடுதல் போஸ்டர் ஒன்றுக்கு ரூ.900-லிருந்து ரூ.1,100. இதுவே முழுத் தொகை.
>
> மார்ச் 31 வரை வாசகமும் படங்களும் வந்துசேரும் கூடுதல் வேலைகளுக்குப் பழைய கட்டணமே. அவற்றை ஏப்ரல் 30-க்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாத பில் ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய தொகையில் வரும்.
>
> ஏப்ரல் மாத பில் மே முதல் வாரத்தில் ரூ.19,000-க்கு வரும். உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் இதன் நகலை அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததாக ஒரு வரி பதில் போடுங்கள்.
>
> நன்றி.

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். விலைவாசி, வாடகை, கம்ப்யூட்டர் செலவு எதுவும் இல்லை. காரணம் சொன்னால் காரணத்தின் மேல்தான் பேரம் நடக்கும்: "எங்களுக்கும்தான் வாடகை ஏறிடுச்சு தம்பி." மன்னிப்பும் இல்லை. "உயர்த்தலாம் என்று நினைக்கிறேன், உங்கள் கருத்தைச் சொல்லவும்" என்று எழுதினால் கருத்து வரத்தான் செய்யும். பதில் கேட்பது சம்மதத்துக்கு இல்லை, கிடைத்ததற்கு மட்டும். அந்த ஒரு வரிதான் பின்னால் ஆதாரம்.

மெயிலிலேயே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "மெயில் போட்டிருக்கேன் சார், பாருங்க" என்று மட்டும் சொன்னால் போதும். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மெயிலை மறைநகலில் தட்டிவிடுவதும் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொருவருக்கும் தொகை வேறு, தேதி வேறு.

படி 6: பேரம் வந்தால்

ரேட்டைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். "16,000-தான் முடியும்" என்றால் "16 போஸ்டர் செய்து தருகிறேன்". புதிய மாதக் கணக்கில் ஒரு போஸ்டர் 950 ஆகிறது, இதில் 1,000. சின்னப் பேக்கேஜுக்கு அது சரிதான். இந்தப் பதிலைக் கடிதம் அனுப்பும் முன்பே ஷீட்டில் எழுதி வையுங்கள். போனில் யோசித்தால் இறங்கிவிடுவோம்.

படி 7: பில் மென்பொருளும் முதல் வரவும்

ஜோஹோ இன்வாய்ஸ், வ்யாபார் எதுவானாலும், மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்த பில்லில் பழைய தொகை உட்கார்ந்திருக்கும். மார்ச் பில் போன பிறகு, ஏப்ரல் பில் போகும் முன் அதை மாற்றுங்கள். பழைய தொகையில் ஒரு பில் போய்விட்டால் கடிதமே செல்லாத மாதிரி ஆகிவிடும்.

முதல் வரவு எவ்வளவு என்று பாருங்கள், எண்ணே கதை சொல்லிவிடும். 19,000 முழுதாக வந்தால் பிரச்சினை இல்லை. 17,100 வந்தால் 10 சதவீத டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள், ரேட் சரி. 16,000 வந்தால் அக்கவுண்ட்ஸுக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது வங்கியில் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள். 14,400 வந்தால் பழைய ரேட்டில் டி.டி.எஸ்.ஸும் பிடித்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. உள்ளவர்களுக்கு 22,420 பில்லில் 20,520 வர வேண்டும். வரியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் டி.டி.எஸ். 19,000-க்கு மட்டும்தான். குறைவாக வந்தால் அதே வாரம் கேளுங்கள். இரண்டு மாதம் விட்டால் பழைய ரேட்டையே ஒப்புக்கொண்ட மாதிரி பேசுவார்கள்.

பின்சேர்க்கை: சின்னத் தொகைக்கு டி.டி.எஸ்.

மாதம் 4,000 வாங்கியவர் 4,500 ஆக்கினார், கையில் 4,050தான் வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தொழில்முறைக் கட்டணத்துக்கு ஒரு கிளையண்டிடமிருந்து ஆண்டுக்கு 50,000 வரை டி.டி.எஸ். இல்லை, 2025 ஏப்ரலுக்கு முன் இது 30,000. பழைய ரேட்டில் ஆண்டுக்கு 48,000, இப்போது 54,000. கோட்டைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் பிடிப்பு உண்டு, அதனால் முதல் பில்லிலிருந்தே பிடிக்கிறார்கள். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும். மாதாமாதம் கைக்கு வருவது முக்கியம் என்றால் 4,150-இல் நிறுத்துங்கள், ஆண்டுக்கு 49,800. இல்லை துணிந்து 5,000-க்குப் போங்கள், 4,500 வரும்.

பின்சேர்க்கை 2: பர்ச்சேஸ் ஆர்டர்

ஆண்டு முழுதுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு வெறும் கடிதம் போதாது. ஆர்டரில் இருக்கும் ரேட்டும் பில்லில் இருக்கும் ரேட்டும் பொருந்தாவிட்டால் பில் திரும்பி வந்துவிடும். ஆர்டர் ஜூன் வரை செல்லும் என்றால் ஜூலை 1-ஐத் தொடக்கத் தேதியாக வையுங்கள். புதிய ஆர்டரில் 19,000 இருப்பதைப் பார்த்த பிறகே ஜூலை வேலையைத் தொடங்குங்கள்.